கடன் கொள்முதல்: சரக்கு வந்தால் 'வரவு' தானே?

அறிமுகக் கணக்கியல் விடைத்தாள்களைப் பல வருடங்களாகத் திருத்துகிறேன். குறிப்பேட்டுப் பதிவுக் கேள்வியில் ஒரே ஒரு தவறு மட்டும் ஒவ்வொரு கட்டிலும் தவறாமல் வருகிறது. கடனுக்குச் சரக்கு வாங்கிய நடவடிக்கையில் கொள்முதல் கணக்கை வரவு வைத்து, விற்றவர் கணக்கைப் பற்று செய்திருப்பார்கள். தொகை சரி, கணக்குகளின் பெயர் சரி, விளக்கக் குறிப்புகூடச் சரி. பக்கம் மட்டும் தலைகீழ்.

அப்படி எழுதிய ஒரு மாணவியைக் கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். "சரக்கு நம்மிடம் வந்தது, அதனால் வரவு. விற்ற குமாருக்கு நாம் பணம் தர வேண்டும், அது நமக்குச் செலவு, அதனால் பற்று" என்றாள். யோசிக்காமல் எழுதியவள் இல்லை. வீட்டில் வரவு செலவு எழுதும் பழக்கத்தை அப்படியே குறிப்பேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைகள் வேறு வழியாக வந்து இதே இடத்தில் விழுகிறார்கள். கேள்வியில் 'கிரெடிட் பர்ச்சேஸ்' என்று இருக்கும்; உடனே பர்ச்சேஸ் கணக்கை கிரெடிட் செய்துவிடுவார்கள். அங்கே கிரெடிட் என்பது பணம் இன்னும் தரவில்லை என்பதற்கான சொல். எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதை அது சொல்லவில்லை.

வீட்டுக் கணக்கில் வரவு என்றால் நமக்கு வந்தது. இரட்டைப் பதிவில் அந்தச் சொல்லுக்குப் பொருள், எந்தக் கணக்கின் பக்கத்தில் எழுதுகிறோமோ அந்தக் கணக்கிலிருந்து வந்தது என்பதுதான். குமார் கணக்கில் வரவு என்று எழுதினால், குமாரிடமிருந்து ஒரு மதிப்பு நமக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். பற்று என்றால் அந்தக் கணக்கு பெற்றுக்கொண்டது. பணம் பெற்றதற்குக் கொடுப்பதைப் பற்றுச்சீட்டு என்கிறோமே, அதே பற்றுதான் இது. இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டால் கடன் கொள்முதலில் குழப்பத்துக்கு இடமே இல்லை. மதிப்பைத் தந்தவர் குமார், அவருக்கு வரவு. பெற்றுக்கொண்டது கொள்முதல் கணக்கு, அதற்குப் பற்று.

சரி, தேர்வில் வரும் மாதிரியான ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

"மார்ச் 5: குமாரிடமிருந்து பட்டியல் விலை 20,000 உள்ள சரக்கு, 10% வியாபாரத் தள்ளுபடியில் வாங்கப்பட்டது. 10 நாட்களுக்குள் பணம் செலுத்தினால் 2% ரொக்கத் தள்ளுபடி உண்டு."

இதில் 'கடனுக்கு' என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் விற்றவர் பெயர் இருக்கிறது, ரொக்கம் கொடுத்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. இப்படி வந்தால் கடன் கொள்முதலாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். இங்கே பின்னால் செலுத்துவதைப் பற்றிய நிபந்தனையும் இருப்பதால் சந்தேகமே வேண்டாம். பெயரும் இருந்து 'ரொக்கத்துக்கு' என்றும் சொல்லியிருந்தால் குமார் பெயர் குறிப்பேட்டில் வராது. ரொக்கக் கணக்குதான் வரவாகும்.

அடுத்தது தொகை. வியாபாரத் தள்ளுபடி 2,000. அதைப் பட்டியல் விலையிலேயே கழித்துவிட வேண்டும், அதற்குத் தனிக் கணக்குக் கிடையாது. மீதி 18,000. ரொக்கத் தள்ளுபடியை இப்போது தொடவே கூடாது. 10 நாட்களுக்குள் பணம் கட்டுவோமா என்று மார்ச் 5 அன்று யாருக்கும் தெரியாது. அறிமுகப் பாடத்தில் கற்றுத்தரும் முறைப்படி அது செலுத்தும் நாளில்தான் கணக்குக்கு வரும். பதிவு இப்படி இருக்கும்:

கொள்முதல் க/கு — பற்று 18,000
குமார் க/கு — வரவு 18,000
(குமாரிடமிருந்து கடனுக்குச் சரக்கு வாங்கியது)

விதிகளைச் சொல்லிப் படித்தவர்களும் இங்கேதான் வந்து சேர்வார்கள். கொள்முதல் ஒரு செலவுக் கணக்கு. செலவுகளைப் பற்று செய்ய வேண்டும். குமார் ஆள்சார் கணக்கு. கொடுப்பவரை வரவு வைக்க வேண்டும். நவீன அணுகுமுறையில் சொன்னால், செலவு கூடுகிறது, அதனால் பற்று. பொறுப்பு கூடுகிறது, அதனால் வரவு. எந்த வழியில் போனாலும், முதலில் குமார் பக்கத்தை முடிவு செய்யுங்கள் என்றே நான் சொல்வேன். சரக்கு பற்றித்தான் மனம் குழம்பும். தந்தவர் யார் என்பதில் யாரும் குழம்புவதில்லை. ஒரு பக்கம் உறுதியானால் மற்றது தானாக எதிர்ப்பக்கம் போய்விடும்.

பக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். இருப்பாய்வு இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டு பக்கமும் அதே 18,000 ஏறியிருக்கும், கூட்டல் பொருந்திவிடும். ஆனால் நாம் தர வேண்டிய குமார், நமக்குத் தர வேண்டியவராகக் கடனாளிகள் பட்டியலில் நிற்பார். கொள்முதல் 18,000 கூடுவதற்குப் பதில் 18,000 குறையும். அதாவது வித்தியாசம் இரட்டிப்பாகி, லாபம் 36,000 அதிகமாகத் தெரியும். கண்டுபிடிக்க வழி பேரேட்டில்தான் இருக்கிறது. நாம் யாரிடம் சரக்கு வாங்கினோமோ, அவருக்கு முன்பணம் எதுவும் கொடுக்காதபோதும் அவர் கணக்கில் பற்று இருப்பு நின்றால் அங்கே போய்த் தேடுங்கள். கொள்முதல் கணக்கிலேயே வரவு இருப்பு நின்றால் கேட்கவே வேண்டாம்.

இன்னொரு இடத்திலும் மதிப்பெண் போகிறது. எதை வாங்கினாலும் கொள்முதல் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மறுவிற்பனைக்கு வாங்குவது மட்டுமே கொள்முதல். அலுவலகத்தில் போட்டு உட்கார நாற்காலி வாங்கினால் அறைகலன் கணக்கைப் பற்று செய்ய வேண்டும். அதே நாற்காலியை அறைகலன் வியாபாரி விற்பதற்காக வாங்கினால் அது கொள்முதல். அதனால் கேள்வியின் முதல் வரியில் என்ன தொழில் என்று சொல்லியிருந்தால் அதை ஒருமுறை படித்துவிடுங்கள். சரக்கிருப்பைத் தொடர்ந்து பதியும் முறை என்று கேள்வியில் இருந்தால், கொள்முதலுக்குப் பதிலாகச் சரக்கிருப்புக் கணக்கு பற்றாகும். இந்த எல்லா வகையிலும் குமாரின் வரவில் மாற்றமே இல்லை.

அப்புறம், கேள்வியில் "5,000 உடனே செலுத்தப்பட்டது" என்று ஒட்டிக்கொண்டு வந்தால் பயப்பட வேண்டாம். கொள்முதல் பற்று 18,000 அப்படியே இருக்கும். வரவு மட்டும் இரண்டாகப் பிரியும்: ரொக்கம் 5,000, குமார் 13,000.

மூலக் கேள்விக்கே திரும்புவோம். மார்ச் 12 அன்று முழுத் தொகையையும் தீர்த்தால், இப்போதுதான் குமார் பற்றுப் பக்கம் வருவார். பெற்றுக்கொள்பவர் இந்த முறை அவர்தான். குமார் க/கு பற்று 18,000. ரொக்கம் க/கு வரவு 17,640. பெற்ற தள்ளுபடி க/கு வரவு 360. குமாரைப் பற்று செய்யும் தொகை 17,640 அல்ல, 18,000 என்பதைக் கவனியுங்கள். 17,640 என்று எழுதினால், தீர்ந்துபோன கணக்கில் அவருக்கு இன்னும் 360 தர வேண்டியதாகப் பேரேடு காட்டிக்கொண்டே இருக்கும்.