தார்மீக அபாயமாம், எதிர்மறைத் தேர்வாம்!

பிசானப் பருவ நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யச் சொல்லி எங்கள் ஊரில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். அதில் 'விவசாயிகளின் தார்மீக அபாயம்', 'எதிர்மறைத் தேர்வு' என்று இரண்டு சொற்கள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்த மாமா கேட்டார்: "என்ன மருமவனே, நம்மள ஒழுக்கங்கெட்டவம்னு போட்டிருக்காவளா?" இந்தத் 'தார்மீக அபாய'த்தை நான் பார்ப்பது இது எத்தனையாவது முறையோ தெரியாது. மாமா கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

'மாரல் ஹசார்ட்' என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். ஹசார்ட் பழைய பிரெஞ்சுச் சொல், முதலில் பகடையாட்டத்தின் பெயர். மாரல் லத்தீனில் பழக்கவழக்கம், நடத்தை என்ற பொருளில் பிறந்தது. நெருப்புக் காப்பீட்டுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் கூரை வேய்ந்த கட்டடத்தால் வரும் இடரை ஒரு பக்கமும், கட்டடத்துக்காரர் குணத்தால் வரும் இடரை மறு பக்கமும் வைத்துப் பேசினார்கள். அப்போது அதில் கொஞ்சம் பழிச்சொல் இருந்தது உண்மைதான். ஆனால் 1968இல் மார்க் பாலி என்ற பொருளாதார அறிஞர், இது ஒழுக்கச் சங்கதியே இல்லை, செலவு தன் தலையில் விழாதபோது எவரும் செய்வதுதான் என்று எழுதிவிட்டார். அதற்கு அப்புறமும் நாம் தர்மத்தைப் பிடித்துத் தொங்குகிறோம்.

சரி, வயலுக்கு வருவோம். கதிர் வாங்கும் நேரத்தில் கால்வாயில் தண்ணீர் நின்றுவிடுகிறது. நாலாயிரம் ரூபாய் செலவழித்து டீசல் இன்ஜின் வைத்து இறைத்தால் பயிர் பிழைக்கும். காப்பீடு இல்லாதவர் கடன் வாங்கியாவது இறைப்பார். முழு இழப்பீடு வரும் என்று தெரிந்தவர், 'பார்ப்போம்' என்று திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். அவர் திருடவில்லை, பொய்க்கணக்கு எழுதவில்லை. மெத்தனமாக இருக்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் நான் இதைக் 'காப்பு மெத்தனம்' என்கிறேன். வைக்கோல் போருக்குத் தானே தீ வைத்துவிட்டுப் பணம் கேட்பவன் வேறு ஆள். அவன் செய்வது மோசடி, அதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'தார்மீக அபாயம்' இந்த இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

'அட்வர்ஸ் செலக்ஷன்' என்பதைப் பெயர்த்த 'எதிர்மறைத் தேர்வு' இன்னும் மோசம். எதிர்மறை என்றால் நமக்கு 'வாரான்', 'செய்யாதே'தான் ஞாபகம் வரும். தேர்வு என்றால் பரீட்சை. இதில் யார் யாரைத் தேர்கிறார்கள்? நிறுவனம் யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. இடர் மிகுந்தவர்கள் தாமாக முந்தி வந்து காப்பீட்டில் சேருகிறார்கள். மருந்தில் எது எது கூடியிருக்கிறது என்பதைச் சேர்மானம் என்கிறோம். பையன் கெட்ட கூட்டத்தில் திரிந்தால் 'சேர்மானம் சரியில்லை' என்கிறோம். இங்கும் கெட்டுப்போவது சேர்மானம்தான். 'இடர்ச் சேர்மானம்' என்றால் என்ன குறை?

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு கால்வாயில் தலைமடைக்காரர் பாதி, கடைமடைக்காரர் பாதி என்று வைப்போம். ஏக்கருக்கு 30,000 ரூபாய்க் காப்பு. தலைமடையில் 20 வருஷத்துக்கு ஒரு தடவை பயிர் போகும், ஆக வருஷத்துக்கு 1,500 ரூபாய் இழப்பு. கடைமடையில் 4 வருஷத்துக்கு ஒரு தடவை, அதாவது 7,500. எது எந்த மடை என்று பிரித்தறியாத நிறுவனம் சராசரியாக 4,500 கேட்கும். தலைமடைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். மிஞ்சுவது கடைமடை மட்டும், கட்டணம் 7,500 ஆனால்தான் கட்டுப்படியாகும். அந்த விலைக்குக் கடைமடையிலும் கிணறு வைத்திருப்பவர் கழன்றுகொள்வார். மறுபடி விலை ஏறும்.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இது ஏன் இப்படி ஓடிப்போய் முடிவதில்லை? பிசான நெல் போன்ற ரபிப் பருவ உணவுப் பயிருக்கு விவசாயி காப்புத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் கட்டுகிறார், மீதி அரசுகளுடையது. நம் கணக்கில் அது 450 ரூபாய். 1,500 இழப்பு உள்ள தலைமடைக்காரருக்கும் அது லாபம், அவரும் சேருவார். முன்பு பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் கட்டாயமாகவும் இருந்தது. 2020 முதல் அது விருப்பம்.

மெத்தனத்துக்கும் மருந்து உண்டு. தனி வயலைப் பார்த்து மகசூல் இழப்பைக் கணக்கிடுவதில்லை. கிராமம் அல்லது பிர்க்கா அளவில் சில வயல்களைக் குலுக்கலில் எடுத்து அறுத்துப் பார்த்து, சராசரி விளைச்சல் குறைந்தால் அங்குள்ள எல்லாருக்கும் கொடுப்பார்கள். ஊர் விளைந்து உங்கள் பயிர் மட்டும் காய்ந்தால் ஒன்றும் வராது. ஆகவே இறைத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் உண்மையாகவே உங்கள் மடை மட்டும் அடைபட்டுக் காய்ந்தாலும் இதே கதைதான். மாமாவுக்கு ஒருமுறை அப்படி ஆனது.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும், "அப்பம் மெத்தனம்னே போட்டிருக்கலாமே, எதுக்கு வே தர்மத்த இழுக்கணும்?" என்றார். மொழிபெயர்த்தவர் அச்சுக்குக் கொடுக்குமுன் அவரிடம் ஒருதரம் வாசித்துக் காட்டியிருக்கலாம்.