ஓதநீர் ஓடிய தொலைவும் பெயர்ந்த இடமும்

கடலோடு சேரும் ஒரு கழிமுகத்தில் நீரோட்டம் நாளொன்றுக்குப் பலமுறை திசை மாறுகிறது. நிலவின் ஈர்ப்பால் எழும் ஓதம் ஏறும்போது நீர் உள்நாட்டை நோக்கிப் பாய்கிறது. வற்றும்போது கடலை நோக்கித் திரும்புகிறது. நம் கடற்கரைகளில் பெரும்பாலும் ஒரு முழுச் சுற்று ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்தில் முடிகிறது. இந்த நீரில் ஒரு மரக்கட்டை மிதந்தால் அது எவ்வளவு தொலைவு ஓடியது, புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற இரண்டும் வெவ்வேறு கேள்விகள். இரண்டுக்கும் ஒரே விடை கிடைப்பது திசை மாறாத பயணத்தில் மட்டுமே.

கடல் நோக்கிய திசைவேகத்தை நேர்க்குறியாகவும் உள்நாடு நோக்கியதை எதிர்க்குறியாகவும் கொள்வோம். ஓட்டத்தின் உச்சம் வினாடிக்கு 1 மீட்டர் என்றும், அது சைன் வளைவரையைப் போல ஏறி இறங்குகிறது என்றும், கட்டை செல்லும் நீளம் முழுவதும் ஓட்டம் ஒரே சீராக இருக்கிறது என்றும் எளிமைக்காக வைத்துக்கொள்ளலாம். மிகச் சிறிய நேரத் துண்டு ஒவ்வொன்றிலும் திசைவேகத்தை நேரத்தால் பெருக்கிக் கூட்டினால் கிடைப்பது ∫v dt. அரைச் சுற்றில் கட்டை 14.2 கிலோமீட்டர் கடலை நோக்கிப் போகிறது. மறு அரைச் சுற்றில் அதே அளவு திரும்புகிறது. எதிர்க்குறித் துண்டுகள் நேர்க்குறித் துண்டுகளைக் கழித்துவிடுவதால் மொத்தம் சுழியாகிறது. இடப்பெயர்ச்சிக்கு அது சரியான விடை. ஆனால் கட்டை ஓடியதோ 28.5 கிலோமீட்டர்.

ஓடிய தொலைவு ஒருபோதும் குறைவதில்லை. திரும்பி வரும்போதும் அது கூடிக்கொண்டே போகிறது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் கூட்டுவதற்கு முன்பே அதன் குறியை நீக்கிவிட வேண்டும், அதாவது திசைவேகத்துக்குப் பதில் வேகத்தைத் தொகையிட வேண்டும்: ∫|v| dt. கூட்டி முடித்த பிறகு குறியை நீக்குவதில் பயனில்லை, ஏனெனில் கழிவு அதற்குள் நிகழ்ந்துவிடுகிறது. கையால் கணக்கிடும்போது திசைவேகம் சுழியாகும் நேரங்களை முதலில் கண்டுபிடித்து, அந்த இடங்களில் நேரத்தை வெட்டி, ஒவ்வொரு பகுதியின் விடையையும் நேர்க்குறியாக்கிக் கூட்டினால் போதும்.

இப்போது ஆற்றிலிருந்து வினாடிக்கு 0.1 மீட்டர் நிலையான ஓட்டம் இதனோடு சேர்கிறது என்று கொள்வோம். வளைவரை சற்றே மேலே நகர்கிறது. அது சுழியைக் கடக்கும் நேரங்களும் நகர்கின்றன. கடல் நோக்கிய ஓட்டம் 6 மணி 36 நிமிடமாக நீள, உள்நாடு நோக்கியது 5 மணி 49 நிமிடமாகச் சுருங்குகிறது. கட்டை 16.5 கிலோமீட்டர் வெளியே போய் 12.1 கிலோமீட்டர் திரும்புகிறது. ஓடிய மொத்தத் தொலைவு 28.6 கிலோமீட்டர், முன்பிருந்ததைவிட அது அரை விழுக்காடுதான் கூடியிருக்கிறது. ஆனால் சுழியாக இருந்த இடப்பெயர்ச்சி ஒரே சுற்றில் ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. கழிமுகத்தில் விடப்படும் கழிவுநீர் எத்தனை நாளில் கடலைச் சேரும் என்பதை இந்தச் சிறிய ஆற்றோட்டமே பெரிதும் தீர்மானிக்கிறது. தொலைவுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு அது கண்ணில் படவே படாது.

கருவிகளில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும். பழைய நீரோட்டமானிகள் பலவற்றில் சவோனியஸ் சுழலி என்ற உருளை வடிவச் சக்கரம் இருந்தது. நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அது ஒரே பக்கமாகவே சுற்றும்; எனவே அதன் சுற்றெண்ணிக்கை வேகத்தின் தொகையீடே. திசையை அறியத் தனியாக ஒரு வால்தகடு வேண்டும். கரையோர அலைகளில் இந்தச் சுழலி ஏமாற்றும். 8 வினாடிக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசையும் அலைநீரின் உச்ச வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் என்றால், ஒரு மணி நேரத்தில் அது 1.1 கிலோமீட்டருக்கு மேல் எண்ணிவிடும். நீரோ இருந்த இடத்தை விட்டுப் பெரிதாக நகர்ந்திருக்காது.

எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. குறியோடு அளக்கும் கருவி ஒரு மணி நேரச் சராசரியை மட்டும் பதிவுசெய்கிறது என்போம். திசை மாறும் கணம் அந்த மணி நேரத்தின் நடுவில் விழுந்தால், முதல் அரை மணியும் அடுத்த அரை மணியும் ஒன்றையொன்று அழித்துச் சராசரி சுழியாகிறது. மேற்சொன்ன ஓதத்தில் அந்த ஒரு மணி நேரத்தில் நீர் உண்மையில் ஓடியது ஏறத்தாழ 450 மீட்டர். பதிவில் அது இல்லை. அதன்பின் எண்மதிப்பை எடுத்தாலும் அது திரும்பாது. சராசரி எடுக்கும் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் தொலைவு மேலும் மேலும் குறைந்து தெரியும். இடப்பெயர்ச்சியோ மாறாது, ஏனெனில் சராசரிகளின் கூட்டுத்தொகையும் மூலத் துண்டுகளின் கூட்டுத்தொகையும் ஒன்றே. ஒரு பதிவு நம்பத்தக்கதா என்று பார்க்க, பதிவு இடைவெளியைப் பாதியாக்கித் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் மறுபடி கணக்கிடலாம். தொலைவு கணிசமாகக் கூடினால், ஓட்டத்தின் திருப்பங்கள் இன்னும் சராசரிக்குள் ஒளிந்திருக்கின்றன, அல்லது அலையின் அசைவோ கருவியின் நடுக்கமோ கணக்கில் நுழைகிறது என்று பொருள்.