விரிசல் அல்ல, மூட்டுக்கோடு

கேம் செய்யக் கற்றுத்தரும் ஒரு தமிழ்க் காணொளியில் போன வாரம் 'டெக்ஸ்சர் இரத்தப்போக்கு' என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கடந்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிடமே அதே ஆசிரியர் அதே கோளாறை 'டைல் விரிசல்' என்றும் சொன்னார். இந்த 'விரிசல்' எனக்குப் புதிதல்ல. கலைச்சொல் பட்டியல், மாணவர்கள் அனுப்பும் பிழைக்குறிப்பு என்று பார்க்கும் இடமெல்லாம் இதுதான். இரத்தப்போக்கையாவது யாரும் நம்பமாட்டார்கள். விரிசலை நம்பிவிடுகிறார்கள், அதுதான் சிக்கல்.

முதலில் பொருள். சிறு சதுரப் படங்களை, அதாவது டைல்களை, அடுக்கி ஒரு நிலப்பரப்பை வரைகிறோம். கேமரா மெதுவாக நகரும்போது, ஒரு டைலும் அடுத்த டைலும் சேரும் இடத்தில் ஒரு பிக்சல் அகலத்தில் கோடு ஒன்று தோன்றி மறைகிறது. நின்றால் இல்லை, நகர்ந்தால் இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டை சீம் என்பார்கள். அதற்கான காரணங்களில் ஒன்று, பக்கத்துப் படத்தின் நிறம் ஓரத்தில் வந்து கலப்பது. அதை பிளீடிங் என்பார்கள்.

சொல் வரலாற்றை நீட்ட வேண்டியதில்லை. சீம் என்பது தையல் விளிம்பு, தைப்பதைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையின் உறவு. பரப்பின்மேல் ஒட்டும் படத்தைச் சொல்லும் டெக்ஸ்சர், நெய்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. பிளீடிங்குக்கு நேர்ப்பொருள் குருதி வடிதல்தான். ஆனால் துணிக்காரர்கள் அதைச் சாயத்துக்குச் சொல்லத் தொடங்கி வெகுகாலம் ஆகிறது. ஆக மூன்றுமே துணிக்கடையில் புழங்கும் சொற்கள். நெசவும் சாயமும் தையலும் நமக்கு வராத தொழில்களா என்ன? மொழிபெயர்த்தவர் துணிக்கடைக்குப் போயிருக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

சரி, விரிசலுக்கு வருவோம். முழுதாக இருந்த ஒன்று பிளந்தால்தான் விரிசல். சுவரில் விழும், கண்ணாடியில் விழும், உறவில் விழும். விழுந்தது தானாக மறையாது, பெரிதாகத்தான் ஆகும். டைல்களோ எந்தக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. தனித்தனியாகச் செய்து பக்கத்தில் வைத்தவை. இந்தக் கோடும் பெரிதாவதில்லை, இமைக்கிறது. இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. விரிசல் என்றதும் 'நடுவில் இடைவெளி இருக்கிறது' என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பெரும்பாலும் அங்கே இடைவெளியே இருக்காது.

என்னிடம் படித்த ஒரு பையன் இரண்டு நாள் இதில் தொலைந்துபோனான். திரை முழுக்கப் புல் டைல், நடுவில் செம்பழுப்பாக ஒரு கோடு. "சார், விரிசலை அடைக்க முடியல" என்றான். விரிசல்தானே என்று ஒவ்வொரு டைலையும் கொஞ்சம் பெரிதாக்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்திருக்கிறான். கோடு போகவில்லை. "கோடு ஏன்டா சிவப்பா இருக்கு? பின்னணி நீலம்தானே?" என்று கேட்டேன். விழித்தான். அவன் வரைபடத்தில் சிவப்பே கிடையாது. ஆனால் எல்லா டைல்களும் வரிசையாக இருக்கும் டைல் தாளில், புல்லுக்கு இடப்பக்கம் எரிமலைக் குழம்பு இருந்தது.

நடந்தது இதுதான். தாளின் அகலம் 256 பிக்சல், டைல் 16. புல் நான்காவது டைல். அதாவது தாளில் 48 முதல் 63 வரையுள்ள பிக்சல்கள் அதனுடையவை, 47 குழம்பினுடையது. கேமரா நகரும்போது ஒரு புல் டைலின் இடது ஓரம் திரையில் 100.4 என்ற இடத்தில் விழுகிறது என்று வையுங்கள். திரையின் 100ஆம் பிக்சலுக்கு மையம் 100.5. அது டைலுக்குள் 0.1 அளவு உள்ளே இருக்கிறது. ஆகவே தாளில் 48.1 என்ற இடத்து நிறத்தைக் கேட்கிறது. அமைப்பு `LINEAR` என்றால், வரைகலைச் சில்லு அந்த இடத்துக்கு இருபுறமும் உள்ள பிக்சல் மையங்களைப் பார்த்துக் கலக்கும். இடப்பக்க மையம் 47.5, வலப்பக்க மையம் 48.5. கலவை: 60 விழுக்காடு புல், 40 விழுக்காடு குழம்பு. அடுத்த பிரேமில் ஓரம் 100.7க்கு நகர்ந்தால், டைலுக்குள் விழும் முதல் மையம் 101.5. அது கேட்பது 48.8ஐ. கலவையில் குழம்பே இல்லை, கோடும் இல்லை. இமைப்பதன் இரகசியம் அவ்வளவுதான்.

'அப்படியானால் கலக்காமல் ஒரே பிக்சலின் நிறத்தை எடுக்கும் `NEAREST` போட்டுவிடுகிறேன்' என்பார்கள். பெரும்பாலும் போதும், எப்போதும் போதாது. ஜன்னலின் அகலத்தை இழுத்து 1365 ஆக்குங்கள். பாதி 682.5. கேமராவை முழு எண் இடத்தில் நிறுத்தி அதன் மையத்தை அங்கே வைத்தால், டைல் ஓரங்கள் எல்லாம் சரியாகப் பிக்சல் மையத்தின்மேலேயே வந்து உட்காரும். அப்போது கேட்கப்படும் இடம் 48.0. தசமக் கணக்கில் ஒரு துளி குறைந்து 47.99999 என்று வந்தால் போதும், முழுப் பிக்சலும் குழம்பு நிறம். அகலத்தை 1366 ஆக்கியதும் காணாமல் போகும். 'என் கணினியில் வரவில்லையே' என்ற சண்டைகளில் பாதி இதனால்தான்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். குழம்பு டைல் எதையும் இழக்கவில்லை. சிவப்புத் துண்டோடு ஊறிய வெள்ளை வேட்டியை நினைத்துப் பாருங்கள். துண்டைப் பற்றிச் சொன்னால் சாயம் போகிறது, வேட்டியைப் பற்றிச் சொன்னால் சாயம் ஒட்டியிருக்கிறது. நம் கோளாறு வேட்டியினுடையது. ஆகவே பிளீடிங்குக்கு நான் சொல்வது 'சாயம் ஒட்டுதல்'. 'கசிவு' என்று சில நண்பர்கள் எழுதுகிறார்கள். இரத்தத்துக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனால் கசிவு என்றதும் ஒழுகும் குழாயை அடைக்கத்தான் கை போகும். இங்கே அடைக்க வேண்டிய ஓட்டை எதுவும் இல்லை. ஒட்டினாலும் கெடாதபடி ஓரத்தைச் செய்ய வேண்டும். தாளில் ஒவ்வொரு டைலின் ஓரப் பிக்சல்களையும் வெளிப்பக்கம் ஒரு வரிசை நகலெடுத்து வைத்தால், 16 பிக்சல் டைல் 18 பிக்சல் இடம் பிடிக்கும். டைல் வரைபடம் போட உதவும் Tiled மென்பொருளில் Margin 1, Spacing 2 என்று கொடுத்தால் அது சரியாகப் படித்துக்கொள்ளும். இனி எல்லை தாண்டிக் கலந்தாலும் புல்லோடு புல்தான் கலக்கும். வெகுதூரம் சிறிதாக்கிக் காட்டும் ஆட்டங்களில், படத்தின் சிறிதாக்கிய நகல்களான மிப்மேப் வைத்திருந்தால், ஒரு வரிசை போதாது. சாதாரணப் பிக்சல் ஆட்டத்துக்குப் போதும்.

இடைவெளியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. உண்மையான இடைவெளியும் வரும், அது வேறு நோய். டைலை 1.3 மடங்கு பெரிதாக்கினால் அகலம் 20.8. இடத்தையும் அகலத்தையும் தனித்தனியே தசமத்தை வெட்டிக் கீழ்முழுமையாக்கினால் டைல்கள் 0, 20, 41, 62, 83 என்று நிற்கும், ஒவ்வொன்றின் அகலமும் 20 மட்டும். இரண்டாவது டைல் 20இல் தொடங்கி 39ஆம் பிக்சலோடு முடிகிறது, அடுத்தது 41இல் தொடங்குகிறது. 40ஆம் பிக்சலை யாரும் வரையவில்லை, அதன் வழியே பின்னணி தெரிகிறது. அகலத்தைத் தனியாகக் கணக்கிடாமல், இரு ஓரங்களின் வித்தியாசமாக எடுத்தால் தீர்ந்தது:

```
left  = floor(x * scale)
right = floor((x + 16) * scale)
width = right - left
```

இதற்கு விரிசல் என்றாவது சொல்லலாமே என்பீர்கள். வேண்டாம், 'இடுக்கு' இருக்கிறது. கதவிடுக்கு, பல்லிடுக்கு என்று வீட்டிலேயே புழங்குகிற சொல். இரண்டு தனிப் பொருள்கள் சரியாகப் பொருந்தாதபோது நடுவில் மிஞ்சும் இடம்தான் இடுக்கு. எதுவும் பிளக்க வேண்டியதில்லை.

இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? பின்னணி நிறத்தை `#FF00FF` ஆக்குங்கள், ஆட்டத்தில் வேறெங்கும் இல்லாத பளீர் ரோஸ். கோடும் அப்பட்டமான ரோஸாக மாறினால் இடுக்கு. மாறாமல் தன் பழைய நிறத்திலேயே இருந்தால் சாயம் ஒட்டியிருக்கிறது. ஒரே ஒரு ஏமாற்று உண்டு. தாளில் டைல்களுக்கு நடுவே வெற்று இடம் மட்டும் விட்டு, ஓரத்தை நகலெடுக்காமல் இருந்தால், டைலின் ஓரத்தில் வெறுமை ஒட்டும். ஓரம் அரைகுறையாக ஒளிபுகும், பின்னணியின் ரோஸ் மங்கலாகத் தெரியும். வெளிறிய ரோஸைப் பார்த்து இடுக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதுவும் சாயம் ஒட்டுதல்தான், சாயம் நிறமற்றது, அவ்வளவே.

காரணம் தெரியாதபோது கோட்டை மட்டும் சொல்ல ஒரு சொல் வேண்டும். அதற்குத்தான் 'மூட்டுக்கோடு'. கைலி மூட்டுகிறோம், கிழிந்த சாக்கை மூட்டுகிறோம். இரண்டு ஓரங்களைச் சேர்ப்பது மூட்டுதல், சேர்த்த இடத்தில் தெரியும் கோடு மூட்டுக்கோடு. சீம் என்பதன் பொருளும் அதுவே. மூட்டு என்றதும் முழங்கால் வலி நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் கிண்டல் செய்தார். எலும்பும் எலும்பும் சேரும் இடம்தானே அதுவும்? 'தையல்கோடு' என்றும் சொல்லலாம். ஆனால் இங்கே ஊசியும் நூலும் இல்லாததால் எனக்கு அது ஒரு படி கீழேதான்.

தூய தமிழ்க்காரர்கள் அடுத்து என் டைலைப் பிடிப்பார்கள். 'ஓடு' என்று எழுதேன் என்பார்கள். எழுதிப் பார்த்தேன். 'ஓடு மாறும்போது ஓடு நிலைக்கு மாற்று' என்று ஒரு வரி வந்தது. அதில் எது டைல், எது கதாநாயகன் ஓடுவது என்று எனக்கே புரியவில்லை. கொத்தனார் டைல்ஸ் என்கிறார், நான் டைல் என்கிறேன். சாயம் என்பது வடமொழியா என்று கேட்டும் ஒருவர் வந்தார். சாயப்பட்டறைக்காரர் எதைச் சொன்னால் தலையாட்டுவாரோ அதுவே எனக்குப் போதும். பட்டியல் போடும் குழுக்களோடு எனக்குள்ள வழக்கும் இதுதான். ஆங்கிலச் சொல்லை அகராதியில் பார்த்து முதல் பொருளை எடுத்து எழுதிவிடுகிறார்கள். அந்தக் கோட்டை ஒருமுறை திரையில் இமைக்கவிட்டுப் பார்த்த ஒருவர் அங்கே இருந்திருந்தால் இரத்தம் வந்திருக்காது.

அந்தப் பையன் போன மாதம் வேறொரு ஆட்டத்துக்குப் பிழைக்குறிப்பு அனுப்பினான். தலைப்பு இப்படி: 'மூட்டுக்கோடு. தண்ணீர் டைலின் வலது ஓரம். சாயம் ஒட்டுது, இடுக்கு இல்ல. ஜன்னல் அகலம் 1365.' திறந்து படிக்காமலே எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.