அறிமுகமில்லாதவர் அனுப்பும் பாதுகாப்புக் குறைபாட்டு மடலை எப்படிக் கையாள்கிறோம்

எங்கள் நிறுவனத்தின் security@ முகவரிக்கு வரும் மடல்களை நான் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: போலி மின்னஞ்சலைத் தடுக்கும் டிமார்க் பதிவு இல்லை, ஏதோ ஒரு ஹெட்டர் இல்லை, வெகுமதி எவ்வளவு தருவீர்கள் என்று தானியங்கிக் கருவி துப்பியதை அப்படியே ஒட்டி அனுப்பியிருப்பார்கள். இவற்றைப் படித்துப் படித்து அலுத்துப்போன கண்ணுக்குத்தான், அதே தொனியில் எழுதப்பட்ட உண்மையான குறைபாடு ஒன்று தப்பிவிடும்.

எங்களுக்கு அப்படி ஒன்று தப்பப் பார்த்தது. தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் நான்கு வரிகள். முதல் வரியிலேயே வெகுமதி பற்றிய கேள்வி. மூன்றாவது வரியில், எங்கள் தளத்தின் இன்வாய்ஸ் பக்க முகவரியில் எண்ணை மாற்றினால் வேறொருவரின் இன்வாய்ஸ் தெரிகிறது என்ற தகவல். போதாக்குறைக்கு அந்த மடல் ஸ்பேம் அடைவில் 2 நாள் கிடந்திருந்தது. குறைபாட்டு மடல்களில் சந்தேகத்துக்குரிய இணைப்புகளும் நிரல் துண்டுகளும் இருப்பது இயல்பு. வடிகட்டி அவற்றைத் தடுப்பதும் இயல்பு. அன்றிலிருந்து ஸ்பேம் அடைவையும் நாள்தோறும் ஒருவர் பார்க்க வேண்டும் என்று முறைப்படுத்தினோம்.

முதல் பதிலை மனிதர்தான் எழுத வேண்டும். ஒரு வேலை நாளுக்குள் எழுத வேண்டும். தானியங்கிப் பதிலை நாங்கள் ஒப்புகையாகக் கணக்கில் எடுப்பதில்லை. அன்று அனுப்பிய பதில் ஏறக்குறைய இதுதான்: "இன்வாய்ஸ் பக்கத்தில் எண்ணை மாற்றினால் பிறருடைய விவரம் தெரிகிறது என்று நீங்கள் எழுதியது கிடைத்தது. இதற்கான டிக்கெட் எண் கீழே உள்ளது. சோதித்துப் பார்த்து 3 வேலை நாட்களுக்குள் மீண்டும் எழுதுகிறோம். இதற்கு மேல் பிறருடைய இன்வாய்ஸ்களைத் திறக்க வேண்டாம். ஏற்கெனவே சேமித்தவை இருந்தால் அழித்துவிடுங்கள். எங்களிடம் பண வெகுமதித் திட்டம் இல்லை." குறைபாட்டை நம் சொற்களில் திருப்பிச் சொல்வதால், படித்துப் புரிந்துகொண்டோம் என்பது அவருக்குத் தெரிகிறது, தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் அவர் உடனே திருத்துவார். குறைபாடு உண்மை என்று இந்தக் கட்டத்தில் ஒப்புக்கொள்வதும் இல்லை, மறுப்பதும் இல்லை.

அடுத்தது, சொன்னது நடக்கிறதா என்று பார்ப்பது. இதற்கு வாடிக்கையாளர் கணக்குகளைத் தொடக் கூடாது. இரண்டு சோதனைக் கணக்குகளைத் தொடங்கி, முதல் கணக்கில் ஓர் இன்வாய்ஸை உருவாக்கி, இரண்டாவது கணக்கில் நுழைந்து, முதல் கணக்கின் எண்ணை முகவரியில் இட்டோம். இன்வாய்ஸ் திறந்தது. உள்ளே நுழைந்தவர் யார் என்று நிரல் சோதித்ததே தவிர, அந்த இன்வாய்ஸ் அவருடையதா என்று சோதிக்கவில்லை.

தீவிரத்தை முடிவு செய்ய நாங்கள் கேட்டவை எளிய கேள்விகள்தாம். யாரால் இதைச் செய்ய முடியும்? இலவசக் கணக்குத் தொடங்கும் எவராலும் முடியும். என்ன வெளியாகிறது? பெயர், முகவரி, கைபேசி எண். எண்கள் வரிசையாக இருந்ததால், சிறு நிரல் ஒன்றே எல்லாவற்றையும் அள்ளிவிடும். ஆகவே அதை உயர் தீவிரம் என்று குறித்து, அன்றே டெவலப்பரிடம் கொடுத்தோம். மடலின் மொழிக்கும் வெகுமதிக் கேள்விக்கும் இந்தக் கணக்கில் இடமே இல்லை.

பலர் தவறவிடும் படி, சர்வர் பதிவுகளைப் பார்ப்பது. மடல் அனுப்பியவருக்கு முன்பே வேறொருவர் இதைக் கண்டிருக்கலாம். ஒரே கணக்கிலிருந்து அடுத்தடுத்த இன்வாய்ஸ் எண்கள் கேட்கப்பட்டனவா என்று தேடினோம். மடலில் சொன்ன சில எண்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பதிவுகள் இருக்கும் காலத்துக்கு மட்டுமே இந்த விடை பொருந்தும் என்பதையும் டிக்கெட்டில் எழுதிவைத்தோம். மொத்தமாக அள்ளப்பட்ட தடயம் கிடைத்திருந்தால் விவகாரமே வேறு: இந்தியாவில் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022இல் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய சம்பவத்தை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

திருத்தம் வெளியான பிறகு மடல் அனுப்பியவரையே மறுபடி சோதிக்கச் சொன்னோம். இம்முறை தன்னுடைய இரண்டு கணக்குகளைக் கொண்டே பார்த்தார். பக்கம் மூடப்பட்டிருந்தது, ஆனால் அதே இன்வாய்ஸைப் பிடிஎஃப்பாகத் தரும் இன்னொரு முகவரி திறந்தே கிடந்தது. நாங்கள் மடலில் சொன்ன வாசலை மட்டும் அடைத்திருந்தோம். அதே எண்ணை வாங்கும் எல்லா முகவரிகளையும் தேடித் திருத்திய பின்னரே டிக்கெட்டை மூடினோம்.

எங்கள் security@ முகவரியை அவர் தேடிக் கண்டுபிடித்தது தளத்திலிருந்த /.well-known/security.txt கோப்பிலிருந்து. இந்தக் கோப்பின் வடிவத்தை வரையறுக்கும் ஆர்எஃப்சி 9116 ஆவணம் அதில் கட்டாயமாக்குபவை இரண்டே வரிகள்:

```
Contact: mailto:security@example.com
Expires: 2027-03-31T00:00:00Z
```

இரண்டாவது வரியின் தேதி கடந்துவிட்டால் கோப்பை நம்பக் கூடாது என்பது பொருள். அதைப் புதுப்பிக்கும் நாளை ஸ்பேம் அடைவைப் பார்ப்பவரின் நாட்காட்டியிலேயே குறித்து வைத்திருக்கிறோம்.