பல்க் டீல் பட்டியலில் நிஜமான விற்பனையைக் கண்டுபிடிப்பது

என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் ஒவ்வொரு வர்த்தக நாளும் சந்தை முடிந்த பிறகு பல்க் டீல் பட்டியலை வெளியிடுகின்றன. ஒரு நிறுவனத்தின் மொத்தப் பங்குகளில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே கிளையன்ட் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ, அவர் பெயர், எண்ணிக்கை, சராசரி விலை மூன்றும் அதில் வந்துவிடும். 2004-ல் செபி கொண்டுவந்த விதி இது. பேசி முடித்த பெரிய வர்த்தகங்களைத் தனி நேரத்தில் நடத்தும் பிளாக் டீலுக்குப் பட்டியல் தனி. அதையும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

நாம் கவனிக்கும் பங்குகளின் பெயர் இந்தப் பட்டியலில் வந்தால் எச்சரிக்கை வரும்படி ஒரு நிரல் எழுதுவது சுலபம். ஆனால் அப்படி மட்டும் எழுதினால் வருகிற எச்சரிக்கைகளில் நிறைய வெறும் சத்தமாகவே இருக்கும். காரணம், பட்டியலில் அடிக்கடி தென்படும் பெயர்களில் பல, அன்றே வாங்கி அன்றே விற்கும் வர்த்தக நிறுவனங்களுடையவை.

மொத்தம் 10 கோடி பங்குகள் உள்ள ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு பல்க் டீல் எல்லை 5 லட்சம் பங்குகள். ஒரு வர்த்தக நிறுவனம் காலையிலிருந்து மாலைவரை 6,20,000 பங்குகளை வாங்கி, 6,18,500 பங்குகளை விற்கிறது. இரண்டுமே எல்லையைத் தாண்டியதால் வாங்கியது ஒரு வரி, விற்றது ஒரு வரி என இரண்டும் பட்டியலில் ஏறும். வாங்கிய வரியை மட்டும் பார்ப்பவர் பெரிய கை ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று நினைப்பார். அவர்கள் கையில் மிஞ்சியது 1,500 பங்குகள்தான்.

அதனால் முதல் வேலை, ஒரே கிளையன்ட்டின் வாங்கலையும் விற்றலையும் கழித்து நிகர எண்ணிக்கையை எடுப்பது. இதை இரண்டு சந்தைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் ஒன்றில் வாங்கி மற்றொன்றில் விற்பது சாதாரணமாக நடப்பதுதான். என்எஸ்இ எழுத்துக் குறியீட்டையும் பிஎஸ்இ எண் குறியீட்டையும் பயன்படுத்துவதால், இரண்டையும் முதலில் ஐசின் எண்ணுக்கு மாற்றிவிடுவது நல்லது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த 12 குறி அடையாளம் எந்தச் சந்தையிலும் மாறாது.

```sql
SELECT isin, client, deal_date,
       SUM(CASE side WHEN 'BUY' THEN qty
                     ELSE -qty END) AS net_qty
FROM deals
GROUP BY isin, client, deal_date;
```

இதில் சிக்கல் தருவது client என்ற பகுதி. ஒரே நிறுவனம் ஒரு நாள் ‘PVT LTD’ என்றும் மறுநாள் ‘PRIVATE LIMITED’ என்றும் வரலாம், நடுவில் ஒரு புள்ளி கூடுதலாக இருக்கலாம். எழுத்தெல்லாம் ஒத்துப்போனால்தான் ஒரே ஆள் என்று நிரல் எடுத்துக்கொண்டால் கழித்தல் நடக்காது, பொய் எச்சரிக்கை வரும். பெயர்களைச் சீராக்கும் அட்டவணை ஒன்றை நாமே வளர்த்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாவற்றையும் தானாக இணைத்துவிடுவதும் ஆபத்து. ஒரே ஃபண்ட் நிறுவனத்தின் இரண்டு திட்டங்களின் பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், ஆனால் ஒன்று விற்றுக்கொண்டிருக்கும்போதே மற்றொன்று வாங்கலாம்.

சரி, கழித்த பிறகும் பெரிய எண் ஒன்று மிஞ்சுகிறது. நம் உதாரண நிறுவனத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு முதலீட்டு நிறுவனம் 24 லட்சம் பங்குகளை, அதாவது 2.4 சதவீதத்தை, விற்றிருக்கிறது. அன்றைய பட்டியல் அவ்வளவுதான் சொல்லும். விற்றவரிடம் முன்பு எவ்வளவு இருந்தது, இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் இருக்காது. அதற்கு அடுத்த ஆவணத்துக்குப் போக வேண்டும்.

நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் பங்குதாரர் விவரத்தைத் தாக்கல் செய்கின்றன. புரமோட்டர் அல்லாதவர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் அதில் பெயரோடு இருப்பார்கள். கடைசி விவரத்தில் நம் முதலீட்டு நிறுவனத்தின் பெயருக்கு எதிரே 6.1 சதவீதம் என்று இருக்கிறது. அப்படியானால் இப்போது 3.7 சதவீதம் இருக்க வேண்டும். ஆனால் இது நம் கணக்கு மட்டுமே, உறுதியான தகவல் அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த படி இங்கேதான் வருகிறது. 2011-ன் கையகப்படுத்தல் விதிகளில் 29-வது விதியின்படி, 5 சதவீதத்தை எட்டுபவரின் பங்கு அளவு வெளியாக வேண்டும். அதன்பின் கடைசியாகச் சொன்ன அளவிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் மாறினால் மறுபடியும் வெளியாக வேண்டும். அந்த மாற்றத்தால் 5-க்குக் கீழே போனாலும் அது வெளிவந்தே ஆக வேண்டும். அவகாசம் இரண்டு வேலை நாட்கள். ஆக, வெள்ளிக்கிழமை விற்பனையைப் பார்த்ததுமே நம் நிரல், “செவ்வாய்க்குள் இவரைப் பற்றிய 29(2) அறிவிப்பு வர வேண்டும்” என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். வந்த ஆவணத்தைப் படிப்பதோடு நிற்காமல், வரவேண்டிய ஆவணத்துக்காகக் காத்திருப்பதுதான் நல்ல கண்காணிப்பு.

செவ்வாய்க்கிழமை அறிவிப்பு வருகிறது. அதில் ‘விற்பனைக்கு முன்’ என்ற இடத்தில் 6.4 சதவீதம், ‘விற்பனைக்குப் பின்’ என்ற இடத்தில் 4.0 சதவீதம். நம் கணக்கோடு 0.3 இடிக்கிறது. இது தவறாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. காலாண்டு முடிந்த பிறகு 3 லட்சம் பங்குகளை வாங்கியிருக்கிறார்கள். ஒரு நாளுக்கு 5 லட்சத்தைத் தாண்டாததால் பல்க் டீலில் வரவில்லை, 2 சதவீத மாற்றம் ஆகாததால் அறிவிப்பும் தேவைப்படவில்லை. நம் பதிவில் இப்போது 4.0-ஐ எழுதி, எந்த ஆவணத்திலிருந்து எந்தத் தேதிக்கு எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிட வேண்டும்.

அறிவிப்பே வராமல் போனால் உடனே விதிமீறல் என்று முடிவுகட்டக் கூடாது. நடுவில் வாங்கியதால் மொத்த மாற்றம் 2-க்குக் குறைவாகியிருக்கலாம். பல பெயர்களில் வைத்திருக்கும் குழுவாக இருந்தால், ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு மாறியிருக்கலாம். புரமோட்டர் குடும்பத்துக்குள் நடக்கும் கைமாற்றமும் இதேபோல் பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் குழுவின் மொத்தம் அசையாது. எதிர்ப்பக்க வரியில் வாங்கியவர் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

எதிர்ப்பக்கம் முழுதாகத் தெரியும் என்றும் எதிர்பார்க்க முடியாது. நம் உதாரணத்தில் 24 லட்சம் விற்பனைக்கு எதிரே ஒரு மியூச்சுவல் ஃபண்ட் 9 லட்சம் வாங்கியதாக ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. மீதி 15 லட்சம் காணாமல் போகவில்லை. தலைக்கு 5 லட்சத்துக்கு மேல் போகாத பலரிடம் பிரிந்து சேர்ந்திருக்கிறது, அவர்கள் பெயர் பட்டியலில் வராது. எச்சரிக்கையில் “ஃபண்ட் வாங்கியது” என்று எழுதாமல், “விற்றதில் 9 லட்சத்துக்கு மட்டும் பெயர் தெரிகிறது” என்று எழுதினால் படிப்பவர் ஏமாற மாட்டார்.

அப்புறம், ஒரே அறிவிப்பு இரண்டு சந்தைகளிலும் தனித்தனியாக வரும். சில சமயம் விற்றவர் அனுப்பியதையே நிறுவனமும் மறுபடி பதிவேற்றும். ஐசின், பெயர், பரிவர்த்தனைத் தேதி, முன்–பின் சதவீதங்கள் ஒத்துப்போனால் ஒன்றாக எண்ணுவதே சரி. கோப்பு பதிவேறிய நேரத்தை வைத்துப் பிரித்தால் ஒரு விற்பனை மூன்று விற்பனையாகிவிடும்.

விற்றவர் இப்போது 4.0 சதவீதத்தில் நிற்கிறார். 5-க்குக் கீழே வந்துவிட்டதால், மறுபடி 5-ஐ எட்டும்வரை 29-வது விதி அவரைக் கேட்காது. நாளைக்கு 4 லட்சம், மறுநாள் 4 லட்சம் என்று விற்றுக்கொண்டே போனால் பல்க் டீலிலும் தெரியாது. அடுத்த காலாண்டு விவரம் வரும்வரை நம் பதிவில் 4.0-க்குப் பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமையின் தேதிதான் இருக்கும். அந்த விவரத்தில் அவர் பெயரே இல்லையென்றால், 1 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டார் என்று அர்த்தம்.