முதலில் வந்தது முதலில் செல்லும் முறை: பெயர் சொல்வதும் விடையில் தவறுவதும்

கணக்கியலில் சரக்கிருப்பை மதிப்பிடும் முறைகளில் ஒன்றான ‘ஃபிஃபோ’ என்பது ‘ஃபர்ஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட்’ என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவான பெயர். தமிழில் ‘முதலில் வந்தது முதலில் செல்லும் முறை’ என்கிறோம். நீளம்தான், ஆனால் பொருள் தெளிவு. இந்தப் பெயர் வெளியேறும் சரக்கைப் பற்றியது. தேர்வில் கேட்பதோ பெரும்பாலும் எஞ்சும் சரக்கை, அதாவது இறுதிச் சரக்கிருப்பை. பழையது போய்விட்டால் மிஞ்சுவது கடைசியாக வந்ததுதான். இந்தத் திருப்பத்தைக் கவனிக்காததால்தான் விடைகள் தவறுகின்றன.

ஒரு கணக்கு: தொடக்க இருப்பு 100 அலகு, அலகு 10 ரூபாய் வீதம். பிறகு 300 அலகு, 14 வீதம் கொள்முதல். விற்பனை 250. மொத்த அடக்கம் 5,200. எஞ்சுவது 150 அலகு. இந்த 150-ம் கடைசிக் கொள்முதலைச் சேர்ந்தவை, எனவே இறுதி இருப்பு 2,100, விற்ற பொருளின் அடக்கவிலை 3,100.

சிலர் 100 அலகை 10-லும் 50 அலகை 14-லும் எடுத்து 1,700 என்று எழுதுவார்கள். அடக்கவிலை 3,500 ஆகும்; இரண்டையும் கூட்டினால் 5,200 வந்துவிடும்! கூட்டுத்தொகை பொருந்துவதால் விடை சரி என்று நம்பிவிடக் கூடாது. இது கடைசியில் வந்ததை முதலில் அனுப்பும் முறையின் விடை. சர்வதேசக் கணக்கியல் தரம் ஐ.ஏ.எஸ். 2 அந்த முறையை ஏற்பதில்லை. திருத்தும்போது எஞ்சிய அளவைக் கடைசிக் கொள்முதலிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், பிழை உடனே அகப்படும்.

சரக்கை மதிப்பிடும் மற்றொரு முறையான ‘நிறையிட்ட சராசரி’யில் நிறை என்பது எடையல்ல, அளவு. 300 அலகின் விலைக்கு 100 அலகின் விலையைப்போல் மூன்று மடங்கு செல்வாக்கு உண்டு. (‘சராசரி’ பாரசீக வழி வந்த சொல், ஆனால் தமிழில் நன்றாக வேரூன்றிவிட்டது; மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து.) ஆகவே 5,200-ஐ 400-ஆல் வகுத்தால் 13, இறுதி இருப்பு 1,950. விலைகளை மட்டும் கூட்டிப் பாதியாக்கி 12 என்று எடுத்தவர்களுக்கு இருப்பு 1,800, அடக்கவிலை 3,000. கூட்டினால் 4,800தான். காணாமல் போன 400 இந்தப் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

தேதியையும் பாருங்கள். விற்ற 250-இல் 80 அலகு கொள்முதலுக்கு முன்பே விற்றிருந்து, ஒவ்வொரு கொள்முதலின்போதும் சராசரியைப் புதுப்பிக்கச் சொல்லியிருந்தால், எஞ்சிய 20 அலகின் 200-ஐ 4,200-உடன் சேர்த்து 320-ஆல் வகுக்க வேண்டும். சராசரி விலை 13.75, இறுதி இருப்பு 2,062.50. முதலில் வந்தது முதலில் செல்லும் முறையில் அப்போதும் அதே 2,100தான்.