3-க்கு அடுத்த எண் 4 அல்ல

காரைக்குடியில் பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் x > 3 என்னும் அசமன்பாட்டை எண்கோட்டில் குறிக்கச் சொன்னபோது, 4-இன் மேல் மை நிரப்பிய வட்டமொன்றை வரைந்து, அங்கிருந்து வலப்பக்கம் அம்புக்குறி நீட்டிய தாள் மறுபடியும் என் மேசைக்கு வந்தது. இப்படி வரும் தாள்களை எண்ணுவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

வட்டத்தின் விதி ஒரு வரிதான். > அல்லது < இருந்தால் வெற்று வட்டம். ≥ அல்லது ≤ இருந்தால் நிரப்பிய வட்டம். பிள்ளைகள் இதை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த வட்டத்தை எங்கே வைப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். “3 வரக்கூடாது என்றால் 4-இல்தானே சார் தொடங்க வேண்டும்?” என்று அந்தத் தாளுக்கு உரிய மாணவி கேட்டாள். கேள்வி நியாயமானதாகத் தோன்றும். தவறு அதற்குள்ளேயே இருக்கிறது.

அவளிடம் பலகாரக் கடையை வைத்துப் பேசினேன். 2 கிலோவுக்கு மேல் சீப்புச் சீடை வாங்குவோருக்கு மட்டும் விலையில் சலுகை என்று ஒரு கடைக்காரர் எழுதி வைத்திருப்பதாகக் கொள்வோம். சரியாக 2 கிலோ வாங்கிய ஆச்சிக்குச் சலுகை இல்லை. ஆனால் 2 கிலோ 50 கிராம் வாங்கியவரை, “3 கிலோ ஆகட்டும், பிறகு வாருங்கள்” என்று கடைக்காரர் திருப்பி அனுப்ப முடியுமா? 2 கிலோ 1 கிராம் வாங்கியவருக்கும் சலுகை உண்டு. 2 கிலோவும் அதற்குக் குறைந்த எடைகளும் மட்டுமே விலக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தாண்டிய எந்த எடையும் விலக்கப்படவில்லை.

x > 3 என்பதும் அப்படியே. 3.5 இதில் அடங்கும், 3.1, 3.01, 3.001 ஆகியவையும் அடங்கும். நீங்கள் 3-ஐ விடப் பெரிய எந்த எண்ணைச் சொன்னாலும், அதற்கும் 3-க்கும் நடுவில் உள்ள எண் இன்னும் நெருக்கமானதாகவும், அதே வேளையில் 3-ஐ விடப் பெரியதாகவும் இருக்கும். ஆகவே இந்தத் தீர்வுகளுக்கு முதல் எண் என்று ஒன்று கிடையவே கிடையாது. முதல் எண் இல்லாதபோது நிரப்பிய வட்டத்தை எங்கே வைப்பது? அதனால்தான் வட்டத்தை 3-இன் மேலேயே வைத்து, உள்ளே மை படாமல் விடுகிறோம்: எல்லை இதுதான், ஆனால் எல்லை சேராது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். முழு எண்களில் மட்டும் தீர்வு காணும் கணக்குகளில் x > 3 என்பதும் x ≥ 4 என்பதும் ஒன்றே. அங்கே 4, 5, 6 என்று தனித்தனிப் புள்ளிகளாக வைக்க வேண்டும், கோட்டைத் தடிப்பாக இழுக்கக் கூடாது. அந்தப் பழக்கம் மெய்யெண்களுக்கு வந்த பின்னும் கையை விட்டுப் போவதில்லை. எனவே x எந்த வகை எண் என்பதை வரைவதற்கு முன்பே வினாவில் படித்துவிடுங்கள்; படிக்காமல் அளவுகோலை எடுக்காதீர்கள்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள்: x மெய்யெண், 7 − 2x ≥ 1. இருபுறமும் 7-ஐக் கழித்தால் −2x ≥ −6. இப்போது −2-ஆல் வகுக்கும்போது குறி திரும்புகிறது. x ≤ 3. குறியின் திசைதான் மாறியது. அதன் கீழிருந்த கோடு அப்படியே இருக்கிறது. ஆகவே 3-இல் நிரப்பிய வட்டம், அம்புக்குறி இடப்பக்கம். குறி திரும்பியதால் வட்டத்தையும் வெறுமையாக்கிவிடும் பிள்ளைகள் உண்டு. சரிபார்க்க அரை நிமிடம் போதும்: 3-ஐப் பிரதியிட்டால் 1 ≥ 1, உண்மை, எனவே வட்டம் நிரம்ப வேண்டும்; 0-ஐப் பிரதியிட்டால் 7 ≥ 1, உண்மை, எனவே அம்பு 0 இருக்கும் பக்கம் செல்ல வேண்டும்; 4-ஐப் பிரதியிட்டால் −1 ≥ 1, பொய்.

சொற்கணக்கில் “குறையாமல்”, “மிகாமல்” என்று வந்தால் வட்டத்தை நிரப்புங்கள். “மேல்” என்ற சொல்லிடம் மட்டும் கவனமாக இருங்கள். 18 வயதுக்கு மேற்பட்டோர் வாக்களிக்கலாம் என்று நாம் வாய்ப்பேச்சில் சொன்னாலும், தகுதி நாளில் 18 நிறைந்தவருக்கே அந்த உரிமை உண்டு. அது x ≥ 18.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வெற்று வட்டம் பார்க்க நன்றாக இல்லை என்று விடைத்தாளைக் கொடுக்கும் நேரத்தில் பென்சிலால் நிரப்பிவிடாதீர்கள். அன்றைய மாணவி மறுபடி வரைந்தபோது 3-இல் வெற்று வட்டம் சரியாகப் போட்டுவிட்டு, அம்புக்குறியை மட்டும் 4-இலிருந்து தொடங்கினாள். இடையில் விடுபட்ட இடத்தில் 3.5 என்று எழுதி, தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன்.